சிறு குழுவைக் கூட்டி எடுத்த குடும்பக் கணக்கெடுப்பு: எடை, வடிவமைப்பு விளைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே உதாரணத்தைச் சுற்றியே போகின்றன. ஒரு பகுதியில் 1,00,000 குடும்பங்கள். அதில் 10,000 ஒரு சிறு குழுவைச் சேர்ந்தவை, மீதி 90,000 மற்றவர்கள். வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறோம். மற்றவர்களில் 80 சதவீதத்தினருக்கு வருகிறது, சிறு குழுவில் 40 சதவீதத்தினருக்குத்தான் வருகிறது. எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஊரின் நிலவரமும் இல்லை.

மக்கள்தொகையில் 10 சதவீதம் இருக்கிற குழுவை மாதிரியில் ஏன் பாதியாக எடுக்கிறார்கள்?

2,000 குடும்பங்களைத்தான் சந்திக்க முடியும் என்று வையுங்கள். விகிதப்படி எடுத்தால் சிறு குழுவிலிருந்து 200 குடும்பம் வரும். 200 பேரை வைத்து 40 சதவீதம் என்று சொன்னால், 95 சதவீத நம்பக எல்லை இரு பக்கமும் 6.8 புள்ளி விரியும். அதாவது 33-லிருந்து 47 வரை எதுவாகவும் இருக்கலாம். திட்டம் போடுகிறவருக்கு இது போதாது. 1,000 எடுத்தால் அந்த எல்லை 3 புள்ளிக்குச் சுருங்குகிறது.

இரண்டு குழுக்களையும் ஒப்பிடும்போதும் லாபம்தான். 1,800-க்கு 200 என்று எடுத்தால் வித்தியாசத்தின் திட்டப்பிழை 3.6 புள்ளி. 1,000-க்கு 1,000 என்றால் 2 புள்ளி. சந்தித்த குடும்பங்களின் மொத்த எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான்.

எடை போடாமல் நேரடியாகச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்?

1,000 பேரில் 800, இன்னொரு 1,000 பேரில் 400. கூட்டி வகுத்தால் 60 சதவீதம் வரும். உண்மை 76 சதவீதம். பதினாறு புள்ளி தவறு. இன்னும் பத்தாயிரம் குடும்பங்களைச் சேர்த்துச் சந்தித்தாலும் இது குறையாது, ஏனென்றால் தவறு எண்ணிக்கையில் இல்லை, கலவையில் இருக்கிறது.

எடை இதைச் சரிசெய்கிறது. மற்றவர்களில் 90,000-க்கு 1,000 எடுத்தோம், ஆகவே சந்தித்த ஒவ்வொரு குடும்பமும் 90 குடும்பங்களுக்காகப் பேசுகிறது. சிறு குழுவில் 10,000-க்கு 1,000, ஆகவே ஒவ்வொன்றும் 10 குடும்பங்களுக்காக. எடை என்பது தெரிவு நிகழ்தகவின் தலைகீழ், அவ்வளவுதான். நிஜக் கணக்கெடுப்பில் முதலில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் அடங்கிய கொத்துகளையும், பிறகு அவற்றுக்குள் வீடுகளையும் எடுப்பார்கள். ஆகவே கொத்தைத் தேர்ந்த நிகழ்தகவு, கொத்துக்குள் வீட்டைத் தேர்ந்த நிகழ்தகவு இரண்டையும் பெருக்கித் தலைகீழாக்குவார்கள். அப்புறம் பதில் சொல்லாதவர்களுக்காக ஒரு திருத்தம் சேரும். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெரியவரை மட்டும் பேட்டி கண்டிருந்தால், அந்த வீட்டிலுள்ள பெரியவர்களின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். அதை மறந்தால் தனியாக வாழ்கிறவர்கள் அளவுக்கு மீறித் தெரிவார்கள்.

எடை போட்டால் பிழை எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? வடிவமைப்பு விளைவு என்று தனியாக ஏன் பேசுகிறார்கள்?

எடை சாய்வை, அதாவது கலவையால் ஒரே பக்கமாக வரும் தவறை நீக்குகிறது. அதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைத்தான் வடிவமைப்பு விளைவு சொல்கிறது. இதே எண்ணிக்கையை எளிய சமவாய்ப்பு முறையில் எடுத்திருந்தால் கிடைக்கும் பரவற்படியைவிட, நம் மாதிரியின் பரவற்படி எத்தனை மடங்கு என்பதே அதன் பொருள். எடை மட்டும் உண்டாக்கும் பங்கை மதிப்பிடப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த சூத்திரம் எல்லோர் கையிலும் இருக்கிறது:

```
deff_w = n * sum(w^2) / (sum(w))^2
n_eff  = (sum(w))^2 / sum(w^2)
```

நம் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். எடைகளின் கூட்டுத்தொகை 1,00,000. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1,000 × 8,100 + 1,000 × 100 = 82,00,000. விளைவு 1.64 என்று வரும். 2,000-ஐ அதனால் வகுத்தால் சுமார் 1,220. நாம் சந்தித்தது 2,000 குடும்பம், ஆனால் மொத்த மக்கள்தொகையைப் பற்றிப் பேசும்போது கையில் இருக்கும் தகவல் ஏறக்குறைய 1,220 குடும்பங்களுடையது. இதுதான் பயனுறு எண்ணிக்கை.

காரணம் எளிது. மொத்தச் சராசரியில் 90 சதவீதப் பங்கு மற்றவர்களுடையது. அவர்களிடம் நாம் போனது 1,000 வீட்டுக்கு மட்டும். சிறு குழுவில் கூடுதலாகச் சந்தித்த வீடுகள் அந்த 10 சதவீதப் பங்கைத்தான் கூர்மையாக்குகின்றன.

கிஷ் சூத்திரம் 1.64 தருகிறது. மென்பொருள் குழாய்த் தண்ணீருக்கு 1.45 என்கிறது. எது சரி?

மென்பொருள் சொல்வதுதான். கையால் செய்து பார்க்கலாம். தனித்தனியாக மாதிரி எடுத்த ஒவ்வொரு பிரிவும் ஓர் அடுக்கு, இங்கே இரண்டு குழுக்களும் இரண்டு அடுக்குகள். அடுக்குவாரியாகப் பரவற்படியைக் கூட்டினால் 0.81 × 0.16/1,000 + 0.01 × 0.24/1,000 = 0.000132. எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு 0.76 × 0.24/2,000 = 0.0000912. வகுத்தால் 1.45.

கிஷ் சூத்திரத்துக்கு எடைகள் மட்டும்தான் தெரியும், நாம் எதை அளக்கிறோம் என்று தெரியாது. எடைக்கும் அளக்கும் விஷயத்துக்கும் தொடர்பே இல்லை என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. இங்கே தொடர்பு இருக்கிறது. இரு குழுக்களுக்கும் இடையே 40 புள்ளி வித்தியாசம். எளிய சமவாய்ப்பு மாதிரியில் எந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் வந்து விழுவார்கள் என்பதே ஒரு ஊசலாட்டம். நாம் இரண்டிலும் எண்ணிக்கையை முன்பே கட்டிவிட்டதால் அந்த ஊசலாட்டம் நமக்கு இல்லை. பெரும்பாலும் அதுதான் 1.64-ஐ 1.45-ஆக இறக்கியது.

இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். மற்றவர்களில் 5 சதவீதமும் சிறு குழுவில் 60 சதவீதமும் பாதிக்கப்பட்டிருக்கும் ஒரு நோயை இதே மாதிரியில் அளக்கிறோம் என்று வைப்போம். எடைகள் அவையே, கிஷ் எண்ணும் அதே 1.64. ஆனால் அடுக்குவாரியாகக் கணக்கிட்டால் 0.87 வருகிறது. அதாவது சிறு குழுவைக் கூட்டி எடுத்தும் மொத்த மதிப்பீடு எளிய சமவாய்ப்பு மாதிரியைவிடத் துல்லியமாகவே இருக்கிறது, ஏனென்றால் நோய் ஒரு குழுவில் குவிந்து கிடப்பதால் அடுக்குகளாகப் பிரித்து எடுத்ததன் லாபம் எடையால் வரும் இழப்பை மிஞ்சிவிட்டது.

ஆகவே "இந்தக் கணக்கெடுப்பின் வடிவமைப்பு விளைவு இவ்வளவு" என்று ஒற்றை எண்ணாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் அதற்கென்று ஒரு விளைவு உண்டு. கேள்வி மாறினால் மாறும், எந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறினாலும் மாறும். திட்டமிடும் கட்டத்தில் கையில் வேறு தகவல் இல்லாதபோது கிஷ் எண் நல்ல துணை. தரவு வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிறு குழுவை மட்டும் தனியாகப் பார்க்கும்போதும் அந்த 1.64-ஆல் வகுக்க வேண்டுமா?

வேண்டாம். நம் உதாரணத்தில் அந்த 1,000 குடும்பங்களுக்கும் எடை ஒன்றுதான், 10. எடையில் ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் எடையால் வரும் இழப்பும் இல்லை. ஆகவே எடையின் பங்கு 1. மொத்தத்துக்கான விளைவை எடுத்துக் குழுவின் திட்டப்பிழையில் பெருக்குவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. எந்த நோக்கத்துக்காகக் கூட்டி எடுத்தோமோ அந்த நோக்கத்தின் பலனையே அது குறைத்துக் காட்டுகிறது.

எங்களிடம் சிறு குழுவின் பட்டியல் கிடையாது. அவர்கள் அதிகம் வாழும் இடங்களைக் கூட்டி எடுத்தோம். எடையைக் குழுவை வைத்துப் போடலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் பெரும்பாலான கணக்கெடுப்புகள் இப்படித்தான் நடக்கின்றன.

நம் 10,000 சிறு குழுக் குடும்பங்களும் ஒரே இடத்தில் இல்லை என்று மாற்றிக்கொள்வோம். 10,000 குடும்பங்கள் கொண்ட ஒரு செறிந்த அடுக்கு இருக்கிறது, அதில் 6,000 சிறு குழுவினர். 90,000 குடும்பங்கள் கொண்ட மற்ற அடுக்கில் 4,000 பேர் சிதறி இருக்கிறார்கள். இரண்டு அடுக்கிலிருந்தும் 1,000 குடும்பங்களை எடுக்கிறோம். செறிந்த அடுக்கில் சிறு குழுவினர் 600 பேர் கிடைப்பார்கள். மற்ற அடுக்கில் சுமார் 44 பேர்.

எடையைத் தீர்மானிப்பது எந்த அடுக்கிலிருந்து, எந்த நிகழ்தகவோடு அந்த வீடு வந்தது என்பது மட்டும்தான். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது கதவைத் தட்டிய பிறகுதான் தெரியும், தேர்ந்தெடுத்தபோது தெரியாது. ஆகவே அந்த 44 குடும்பங்களுக்கும் எடை 90. அவர்கள் சிறு குழுவினர் என்பதால் 10 ஆகிவிடாது.

இப்போது செறிந்த இடத்தில் வாழும் சிறு குழுவினரில் 20 சதவீதத்தினருக்கும், சிதறி வாழ்கிறவர்களில் 70 சதவீதத்தினருக்கும் குழாய்த் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். குழுவின் உண்மையான அளவு 0.6 × 20 + 0.4 × 70 = 40 சதவீதம். எல்லாக் குழு உறுப்பினருக்கும் ஒரே எடை கொடுத்தால் (600 × 0.20 + 44 × 0.70) / 644, அதாவது 23 சதவீதம் வரும். குழுவே மோசமான நிலையில் இருப்பதாகப் பதினேழு புள்ளி மிகைப்படுத்திச் சொல்லிவிடுவோம். செறிந்த இடங்களுக்கு வெளியே வாழ்கிறவர்கள் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்ற செய்தி முழுக்க மறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தரவுக் கோப்பில் அடுக்கு, குழு இரண்டையும் குறுக்காக வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எடையின் குறைந்த அளவையும் அதிக அளவையும் பாருங்கள். ஒரே அடுக்கில் இருக்கும் இரண்டு குழுக்களுக்கும் எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அடுக்கு மாறினாலும் மாறாமல், குழு மாறினால் மட்டும் எடை மாறுகிறது என்றால், யாரோ குழுவை வைத்து எடை போட்டிருக்கிறார்கள். நான் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று வாரம் அட்டவணை தயாரித்தேன். அத்தனையையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

சரி, அடுக்கை வைத்தே எடை போட்டோம். சிறு குழுவிலிருந்து 644 பேர் இருக்கிறார்கள். போதும்தானே?

எண்ணிப் பார்ப்போம். 600 பேர் எடை 10-ல், 44 பேர் எடை 90-ல். கூட்டுத்தொகை 9,960. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 60,000 + 3,56,400 = 4,16,400. கிஷ் விளைவு 2.7. பயனுறு எண்ணிக்கை 238.

644 குடும்பங்கள் 238-ஆகச் சுருங்குகின்றன. அந்த 44 குடும்பங்கள் எண்ணிக்கையில் 7 சதவீதம், எடையில் 40 சதவீதம். அவர்களில் நான்கு பேர் பதிலை மாற்றிச் சொன்னால் குழுவின் மொத்த மதிப்பீடு மூன்றரைப் புள்ளிக்கு மேல் நகரும். செறிந்த அடுக்கில் நான்கு பேர் மாற்றிச் சொன்னால் அரைப் புள்ளிகூட நகராது.

முந்தைய பதிலில் குழுவுக்குள் எடையின் பங்கு 1 என்று சொன்னேன், இங்கே 2.7 என்கிறேன். முரண் இல்லை. அங்கே குழுவே அடுக்காக இருந்தது. இங்கே குழு இரண்டு அடுக்குகளிலும் பரவிக் கிடக்கிறது. அறிக்கையில் "644 சிறு குழுக் குடும்பங்கள்" என்று மட்டும் போட்டால் படிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. அடுக்குவாரியான எடையிடாத எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுங்கள். டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளின் அறிக்கைகளில் எடையிடாத எண்ணிக்கை 25 முதல் 49 வரை இருந்தால் மதிப்பீட்டை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், 25-க்குக் கீழே போனால் எண்ணையே மறைத்து நட்சத்திரக் குறி போடுவார்கள். அந்த 44 பேரை மட்டும் தனியாக அட்டவணையிட்டால் அடைப்புக்குறிக்குள்தான் வருவார்கள்.

அந்த 90 என்ற எடையை வெட்டிக் குறைத்தால் என்ன?

வெட்டலாம், ஆனால் வெட்டும் முன்பு என்ன இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சிறு குழுவின் மதிப்பீட்டில் 90-ஐ 30-ஆக வெட்டுகிறோம் என்று வையுங்கள். சிதறி வாழ்கிறவர்களின் எடைப் பங்கு 40 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கும். திட்டப்பிழை சுமார் 3.4 புள்ளியிலிருந்து 2.1 புள்ளிக்குக் குறையும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதிப்பீடு 40-லிருந்து 29-க்குப் போய்விடும். 1.3 புள்ளி மிச்சம் பிடிக்க 11 புள்ளி சாய்வைக் கொடுத்திருக்கிறோம்.

பதில் சொல்லாமைக்கான திருத்தத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும் பெரிய எடைகளை வெட்டுவது வேறு விஷயம். அவை பெரும்பாலும் அளக்கும் பொருளோடு தொடர்பில்லாதவை, வெட்டினால் சாய்வு சிறியதாகவே இருக்கும். இங்கே இருக்கும் 90 தற்செயலாக வந்தது அல்ல. நாம் தெரிந்தே குறைவாக எடுத்த இடத்தின் குரல் அது. வெட்டுவதற்கு முன்பு பெரிய எடைக்காரர்களுக்கும் சிறிய எடைக்காரர்களுக்கும் பதில் எவ்வளவு மாறுபடுகிறது என்று அட்டவணை போட்டுப் பாருங்கள். மாறுபாடு பெரியது என்றால் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அப்படியானால் கள வேலைக்கு முன்பே இதைத் தடுக்க வழி உண்டா?

உண்டு. நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். செறிந்த அடுக்கிலிருந்து 1,000-க்குப் பதில் 600 மட்டும் எடுங்கள், மற்ற அடுக்கிலிருந்து 1,400. மொத்தம் அதே 2,000. சிறு குழுவினர் செறிந்த அடுக்கில் 360, மற்ற அடுக்கில் சுமார் 62, ஆக 422 பேர்தான் கிடைப்பார்கள். முன்பு 644 கிடைத்தார்கள். ஆனால் எடைகள் இப்போது 16.7-உம் 64.3-உம். கணக்கிட்டால் பயனுறு எண்ணிக்கை 280. முன்பு 238.

குழுவிலிருந்து குறைவாகச் சந்தித்து, குழுவைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்கிறோம். மொத்த மக்கள்தொகைக்கான பயனுறு எண்ணிக்கையும் 1,220-லிருந்து 1,680-ஆக ஏறுகிறது. இரண்டு பக்கமும் லாபம். இதோடு ஒப்பிட்டால் 1,000-க்கு 1,000 என்ற பங்கீடு யாருக்குமே நன்மை செய்யவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஒரு வீட்டைச் சந்திக்கும் செலவு எங்கும் ஒன்றுதான் என்றால், அடுக்கின் மாதிரி விகிதம் அந்த அடுக்கில் குழுவின் செறிவுடைய வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் செறிவு 60 சதவீதமும் 4.4 சதவீதமும். வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3.7. ஆகவே செறிந்த இடத்தில் 3.7 மடங்கு விகிதத்தில் எடுப்பதே குழுவுக்கு மிக நல்லது. நாம் முதலில் எடுத்தது 9 மடங்கு.

விகிதப்படி 200-க்கு 1,800 என்று எடுத்தால் குழுவில் 200 பேர், எடை எல்லாருக்கும் 50, பயனுறு எண்ணிக்கையும் 200. ஆக இந்த வழியில் கிடைக்கக்கூடியது 200-லிருந்து 280 வரைதான். செறிவைக் கூட்டி எடுப்பதால் வரும் லாபத்துக்கு ஒரு கூரை இருக்கிறது, குழு சிதறிக் கிடக்கும் அளவுக்கு அந்தக் கூரை தாழ்கிறது. 280 போதாது என்றால் மற்ற அடுக்கில் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போதே குழுவை அடையாளம் காணும் ஒன்றிரண்டு கேள்விகளைக் கேட்டு, குழுவின் வீடுகளைத் தனிப் பட்டியலாக்கி, அதிலிருந்து கூடுதலாக எடுக்க வேண்டும். பட்டியலிடும் செலவு ஏறும். ஆனால் 90 என்ற எடை உடைவது அங்கேதான். அப்படிச் செய்தால் அந்த அடுக்குக்குள்ளேயே குழுவுக்கு ஒரு நிகழ்தகவு, மற்றவர்களுக்கு ஒரு நிகழ்தகவு என்று ஆகிவிடும். எடையையும் அதன்படி போட வேண்டும். பட்டியலில் ஒரு குழுவாகவும் பேட்டியில் வேறு குழுவாகவும் பதிவான வீட்டுக்குப் பட்டியலில் இருந்தபடியே எடை, ஏனென்றால் தேர்ந்தெடுத்தது அதை வைத்துத்தான்.

கொத்துகளால் வரும் விளைவு தனியா, இதோடு சேருமா?

சேரும். ஒரு கொத்தில் 20 குடும்பங்களை எடுத்து, கொத்துக்குள் பதில்கள் ஒத்துப்போகும் அளவைக் காட்டும் கெழு 0.05 என்றால், விளைவு 1 + 19 × 0.05 = 1.95. எடையின் பங்கான 1.64-ஐயும் இதையும் பெருக்கினால் சுமார் 3.2. மொத்தத்துக்கான பயனுறு எண்ணிக்கை 625-க்கு இறங்கும். பெருக்குவது தோராயம்தான், திட்டமிடப் போதும்.

ஆனால் தண்ணீர்க் குழாய் தெருத்தெருவாகப் போடப்படுகிறது. ஒரு கொத்தில் ஒரு வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வந்திருக்கும். கெழு 0.3 என்றாலே விளைவு 6.7 ஆகிவிடும். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரே கொத்தில் 20 வீடு ஏறி இறங்குவதைவிட, 10 வீடு வீதம் இரண்டு மடங்கு கொத்துகளுக்குப் போவது நல்லது.

சிறு குழுவுக்கு இதிலும் கணக்கு வேறு. செறிந்த அடுக்கில் ஒரு கொத்தின் 20 குடும்பங்களில் 12 குழுவினர், ஆகவே 0.05 கெழுவில் 1 + 11 × 0.05 = 1.55. மற்ற அடுக்கில் 50 கொத்துகளில் 44 பேர் சிதறி இருக்கிறார்கள், கொத்துக்கு ஒருவர்கூட இல்லை. அங்கே கொத்தின் விளைவு அநேகமாக இல்லவே இல்லை.

மென்பொருளில் எடையைக் கொடுத்தேன், திட்டப்பிழை 0.14 புள்ளி என்று வந்தது. இவ்வளவு துல்லியமா?

இல்லை. எடையை எண்ணிக்கை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1,00,000 குடும்பங்களைச் சந்தித்ததாக நினைத்தால்தான் 0.14 வரும். கொத்து இல்லாத நம் அடுக்கு மாதிரிக்கு உண்மையான திட்டப்பிழை 1.15. எடைகளின் கூட்டுத்தொகை 2,000 வரும்படி சுருக்கிக் கொடுத்தாலும் தீராது, அப்போது 0.95 என்று வரும், இன்னும் குறைவுதான். கொத்து, அடுக்கு, எடை மூன்றையும் வடிவமைப்பாகச் சொல்ல வேண்டும். ஆர் மொழியின் `survey` தொகுப்பில் இப்படி:

```r
library(survey)
des <- svydesign(ids = ~psu, strata = ~stratum,
                 weights = ~wt, data = d, nest = TRUE)
svymean(~water, des, deff = "replace")
svymean(~water, subset(des, grp == 1), deff = "replace")
```

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, குழுவைப் பிரிக்க `subset`-ஐ வடிவமைப்பின் மேல் பயன்படுத்துங்கள். தரவுக் கோப்பையே முதலில் வடிகட்டிவிட்டால், சிறு குழுவினர் ஒருவரும் இல்லாத கொத்துகள் காணாமல் போகும், சில அடுக்குகளில் ஒரே கொத்து மிஞ்சும், திட்டப்பிழை தவறாகும்.

இரண்டாவது, `deff = TRUE` என்று கொடுத்தால் எடைகளின் கூட்டுத்தொகையை மக்கள்தொகை அளவாக அது எடுத்துக்கொள்ளும். டிஎச்எஸ் கோப்புகளில் `v005`, `hv005` எடைகளைப் பத்து லட்சத்தால் வகுத்த பிறகு அவற்றின் கூட்டுத்தொகை ஏறக்குறைய மாதிரி எண்ணிக்கைக்குச் சமம். அப்போது முழு மக்கள்தொகையையுமே சந்தித்துவிட்டதாகக் கணக்காகி, விளைவு அர்த்தமில்லாமல் பெருத்துவிடும், அல்லது மாதிரி மக்கள்தொகையைவிடப் பெரிதாக இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். `deff = "replace"` அந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

அட்டவணையில் சிறு குழுவுக்கு 200 என்று எண்ணிக்கை வருகிறது. நாங்கள் 1,000 பேரைச் சந்தித்தோமே?

அது சுருக்கிய எடையோடு எண்ணிய எண்ணிக்கை. 2,000-ல் 10 சதவீதம் 200. மதிப்பீடு சரிதான், எண்ணிக்கைதான் ஏமாற்றுகிறது. 200-ஐப் பார்த்து "மாதிரி சிறியது, நம்ப முடியாது" என்று ஒதுக்கிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர் எதிராக, மற்றவர்களுக்கு 1,800 என்று காட்டும், சந்தித்தது 1,000 மட்டுமே. நம்பகத்தைத் தீர்மானிக்க எடையிடாத எண்ணிக்கையையும் திட்டப்பிழையையும் பாருங்கள்.

ரெக்ரஷன் எனப்படும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் எடை போட வேண்டுமா?

எடை போட்டும் போடாமலும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். அடுக்கையும் குழுவையும் பகுப்பாய்வில் மாறிகளாகச் சேர்த்த பிறகு இரண்டு முடிவும் ஒத்துப்போனால், எடையில்லாத முடிவு கூடுதல் துல்லியம் தரும். கொத்தைக் கணக்கில் எடுப்பதை மட்டும் அப்போதும் விட வேண்டாம். ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலும் ஒரு தொடர்பு செறிந்த அடுக்கில் ஒரு விதமாகவும் மற்ற அடுக்கில் வேறு விதமாகவும் இருக்கிறது. அடுக்கோடு பெருக்கிய மாறி ஒன்றைச் சேர்த்துப் பார்த்தால் அது எங்கே என்று தெரியவரும்.